முந்தியது எது?
(தொடர் – 9)

கிளாங்கில் உள்ள ஒரு கிடங்கின் வாசலில் காவலுக்கு இருந்தவர் மீது ஒரு குற்றச்சாட்டு வந்தது. பிரிக்பீல்ட்ஸ் அலுவலகம் அனுமதி கொடுக்கும் முன்பே அவர் வாசலைத் திறந்து லாரியை வெளியே விட்டுவிட்டார் என்றார்கள். “ஸ்கிரீன்ல பச்சை வந்த பிறகுதான் திறந்தேன்” என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு சர்வர்களின் லாக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது.

கிடங்கு லாக்கில் வாசல் திறந்த நேரம் 01:14:50 என்று இருந்தது. நள்ளிரவு ஒரு மணிக்குத் திறந்திருக்கிறார், இது திருட்டுதான் என்று ஒருவர் முடிவே கட்டிவிட்டார். அந்த வரியின் கடைசியில் இருந்த Z என்ற எழுத்தை அவர் கவனிக்கவில்லை. நேரம் யூடிசியில் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கான குறி அது. எட்டு மணி நேரத்தைக் கூட்டினால் காலை 09:14:50. அலுவலகம் அனுமதி அனுப்பியதோ 09:15:20. திருட்டுச் சந்தேகம் போனது, ஆனால் முப்பது வினாடி முன்னதாகவே திறந்தார் என்ற பழி அப்படியே நின்றது.

நேர மண்டலத்தால் வரும் பிழையை எளிதில் அடையாளம் காணலாம். அது கால் மணி, அரை மணி, முழு மணிக் கணக்கில்தான் வரும்; நாளுக்கு நாள் மாறாது. சென்னைக்கும் நமக்கும் இடையே இரண்டரை மணி நேரம். நம் நாட்டுப் பழைய பதிவுகளைக் கையாளுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தீபகற்ப மலேசியா 1981 டிசம்பர் 31 வரை யூடிசியைவிட ஏழரை மணி நேரமே முன்னால் இருந்தது. அன்றிரவு 11:30ஐ 12:00 ஆக்கினார்கள். அதற்கு முந்தைய பதிவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எட்டைக் கூட்டினால் அரை மணி பிசகும்.

முப்பது வினாடி என்பது எந்த மண்டலத்துக்கும் பொருந்தாத இடைவெளி. அப்படியென்றால் ஏதோ ஒரு கடிகாரம் விலகியிருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க, இரண்டு இயந்திரங்களும் பேசிக்கொண்ட ஒரு பரிமாற்றத்தை எடுத்துக்கொண்டேன்.

```
office  09:15:20.100 +08:00  request sent
gate    01:14:33.250 Z       request received
gate    01:14:33.310 Z       reply sent
office  09:15:20.500 +08:00  reply received
```

அனுப்புவதற்கு முன்பே ஒரு செய்தி போய்ச் சேர முடியாது. கிடங்குக் கணினியின்படி செய்தி வந்த நேரம், அனுப்பிய நேரத்தைவிட 46.850 வினாடி பின்தங்கியிருக்கிறது. பதில் கிளம்பிய நேரமோ, அது அலுவலகத்தில் வந்து சேர்ந்த நேரத்தைவிட 47.190 வினாடி பின்தங்கியிருக்கிறது. இரண்டின் சராசரி 47.020. போகவும் வரவும் வழியில் ஆன நேரம் மொத்தம் 0.340 வினாடி, ஆகவே கணக்கு எந்தப் பக்கம் தவறினாலும் அதில் பாதி, 0.170 வினாடியைத் தாண்டாது. வாசல் திறந்த நேரத்தோடு 47ஐக் கூட்டினால் 09:15:37. அனுமதி போய்ப் பதினேழு வினாடி கழித்துத்தான் அவர் திறந்திருக்கிறார். அவர் சொன்னதுதான் உண்மை.

இரண்டில் எந்தக் கடிகாரம் தவறு என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. முன்பின் வரிசையை அறிய அது தேவையும் இல்லை. ஆனாலும் தவறான கடிகாரம் எது என்று தெரிந்துகொள்ள இரண்டு இயந்திரங்களிலும் `chronyc tracking` ஓட்டினேன். கிடங்குக் கணினி எந்த நேர சர்வரோடும் தொடர்பில் இல்லை. ஃபயர்வாலை மாற்றியமைத்தபோது யூடிபி 123ஆம் போர்ட்டை யாரோ அடைத்துவிட்டார்கள். கணினிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகுவது சாதாரணம். நாளுக்கு 1.7 வினாடி என்றால், நான்கே வாரத்தில் 47 வினாடி சேர்ந்துவிடும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இன்று கண்ட 47 வினாடியை இரண்டு வாரம் முந்தைய பதிவுக்கும் கூட்டிவிடுகிறார்கள். அன்றைக்கு விலகல் ஏறக்குறைய பாதிதான் இருந்திருக்கும். ஆராயும் சம்பவத்துக்கு அருகிலேயே நடந்த ஒரு பரிமாற்றத்தை எடுத்துத்தான் கணக்கிட வேண்டும். இடையில் யாராவது கடிகாரத்தைச் சரிசெய்திருந்தால் லாக்கில் அது தெரியும்: பின்தங்கிய கடிகாரமாக இருந்தால் நேரம் திடீரென்று தாவும், முந்திய கடிகாரமாக இருந்தால் அதே நிமிடம் இரண்டு முறை வரும்.

மண்டலத்தைக் குறிப்பிடுவது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: எம்எச்370 விமான விசாரணை அறிக்கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், யூடிசியும் மலேசிய நேரமும் அதில் அருகருகே அச்சாகியிருக்கும். விமானம் கிளம்பியது யூடிசிப்படி 2014 மார்ச் 7, 16:42. நமக்கோ அது மார்ச் 8, 00:42. பல நாடுகளின் பதிவுகளை ஒன்றுசேர்க்கும்போது தேதியே மாறிவிடும் என்பதால் வேறு வழியில்லை.

உங்கள் நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர் நீங்களானால், லாக்கின் ஒவ்வொரு வரியிலும் +08:00 அல்லது Z இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கடிகார விலகலையும் தினமும் ஒரு முறை அதே லாக்கில் பதிவாகும்படி செய்யுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் கிடங்குக் காவலரை யாரும் விசாரிக்கவே வேண்டியிருந்திருக்காது.