அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும் விதம்

அதிமதுர வேரை மென்றால் நாவில் நெடுநேரம் தங்கும் இனிப்புக்குக் காரணம் அதிலுள்ள கிளைசிரைசின் என்ற பொருள். அது சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு வரை இனிப்பானது. இருமலுக்கும் தொண்டைக்கட்டுக்கும் தமிழ்நாட்டில் இந்த வேரைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். ஐரோப்பாவில் வேரின் சாற்றைக் கெட்டியாகக் காய்ச்சிக் கறுப்பு மிட்டாயாக்கி விற்கிறார்கள். இரண்டு நாள் இருமலுக்கு உட்கொள்ளும் சிறிதளவு பொடி பொதுவாக யாரையும் பாதிப்பதில்லை. வாரக்கணக்கில் தினமும் உட்கொள்ளும்போதுதான் இந்த இனிப்புப் பொருள் ரத்த அழுத்தத்தை ஏற்றி, ரத்தத்தில் உள்ள பொட்டாசியத்தைக் குறைக்கிறது. அந்த மாற்றம் நடக்கும் இடம் சிறுநீரகம்.

இதை மருத்துவ உலகம் முதலில் கவனித்தது ஒரு நல்ல மருந்தின் பக்கவிளைவாகத்தான். நெதர்லாந்தின் வடபகுதியில் உள்ள ஹீரன்வேன் என்ற ஊரில், உள்ளூர் மருந்துக் கடைக்காரர் ஒருவர் தயாரித்த கலவையால் வயிற்றுப்புண் ஆறுவதை ரெவர்ஸ் என்ற மருத்துவர் கண்டார். அந்தக் கலவையில் பெரும்பங்கு அதிமதுரச் சாறு. அதையே தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1946இல் அவர் எழுதிய கட்டுரையில், புண் ஆறியதோடு ஐந்தில் ஒருவருக்கு முகமும் கைகால்களும் வீங்கியதையும் பதிவு செய்தார். சிலருக்குத் தலைவலியும் மூச்சிரைப்பும் வந்தன. மருந்தை நிறுத்தியதும் வீக்கம் வடிந்தது. உப்பும் நீரும் உடலில் தேங்குகின்றன என்பது தெளிவானது. எதனால் என்பது அப்போது தெரியவில்லை.

உப்பைத் தேக்குவது உடலில் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் வேலை. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. ஆகவே அதிமதுரத்தில் ஆல்டோஸ்டிரோனைப் போன்ற ஏதோ ஒன்று இருக்க வேண்டும், அது நேரடியாக அதே வேலையைச் செய்கிறது என்று முதலில் எண்ணினார்கள். இந்த எண்ணத்தைக் குலைத்தவர்கள் அடிசன் நோயாளிகள். அவர்களின் அட்ரினல் சுரப்பிகள் அழிந்துவிட்டதால், ஆல்டோஸ்டிரோனும் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் அவர்களுக்குச் சுரப்பதில்லை. அதிமதுரம் தானே ஹார்மோன்போல் செயல்படுமானால் இவர்களுக்குத்தான் அது மிக நன்றாக வேலை செய்திருக்க வேண்டும். ஆனால் சுரப்பி முற்றிலும் செயலிழந்தவர்களுக்குத் தனியாகக் கொடுத்தபோது பெரிய பலன் இல்லை. கார்ட்டிசோன் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது உப்பு தேங்கியது. ஆம்ஸ்டர்டாமில் போர்ஸ்ட் குழுவினர் 1953இல் இதை எழுதினார்கள். அதிமதுரம் தன் வேலைக்கு வேறொரு ஹார்மோனின் துணையை நாடுகிறது என்பதே அதன் பொருள். இந்தக் குறிப்பின் முழு அர்த்தம் விளங்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அதைப் புரிந்துகொள்ளச் சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதிக்குப் போக வேண்டும். ரத்தத்திலிருந்து வடிந்த நீர் நீண்ட நுண்குழாய்கள் வழியே ஓடி, முடிவில் சேகரிப்பு நாளங்களை அடைகிறது. எவ்வளவு சோடியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது, எவ்வளவு பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது என்ற இறுதி முடிவு இங்கேதான் நடக்கிறது. இங்குள்ள செல்களுக்குள் மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. ஆல்டோஸ்டிரோன் வந்து அதில் ஒட்டியதும், செல்லின் உட்சுவரில் சோடியம் நுழையும் வழிகள் பெருகுகின்றன. சோடியம் ரத்தத்துக்குத் திரும்புகிறது. நீர் அதைத் தொடர்கிறது. உள்ளே போன சோடியத்துக்கு ஈடாகப் பொட்டாசியமும் ஹைட்ரஜன் அயனியும் சிறுநீரில் கலந்து வெளியேறுகின்றன.

இதில் ஒரு புதிர் உண்டு. இந்த ஏற்பியை ஆய்வுக்கூடத்தில் தனியே பிரித்துச் சோதித்தால், கார்ட்டிசாலும் ஆல்டோஸ்டிரோனைப் போலவே அதில் இறுக்கமாக ஒட்டுகிறது. ரத்தத்திலோ கார்ட்டிசால் ஆல்டோஸ்டிரோனைவிட நூறு மடங்குக்கும் அதிகம். அப்படியானால் ஏற்பி எப்போதும் கார்ட்டிசாலால் நிறைந்திருக்க வேண்டும். எல்லா மனிதருக்கும் உப்பு தேங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி நடக்காததற்குக் காரணம் அந்தச் செல்களுக்குள் வாசற்காவல்போல் நிற்கும் ஒரு நொதி. 11-பீட்டா ஹைட்ராக்சிஸ்டீராய்டு டிஹைட்ரஜனேஸ், வகை 2 என்பது அதன் பெயர். அது கார்ட்டிசாலைக் கார்ட்டிசோனாக மாற்றிவிடுகிறது. கார்ட்டிசோன் ஏற்பியில் ஒட்டாது. ஆல்டோஸ்டிரோனின் வடிவம் வேறாக இருப்பதால் நொதி அதைத் தொடுவதில்லை. இப்படித்தான் மிகக் குறைவாக உள்ள ஹார்மோனுக்குத் தன் ஏற்பி கிடைக்கிறது.

அதிமதுரம் கை வைப்பது இந்த நொதியில்தான். குடலில் உள்ள பாக்டீரியாக்கள் கிளைசிரைசினின் சர்க்கரைப் பகுதியை வெட்டி நீக்கிக் கிளைசிரெட்டினிக் அமிலமாக்குகின்றன. அது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைந்து நொதியை முடக்குகிறது. கார்ட்டிசால் மாற்றப்படாமல் அப்படியே ஏற்பியில் ஒட்டுகிறது. 1987இல் எடின்பரோவில் ஸ்டீவர்ட்டும் எட்வர்ட்ஸும் தன்னார்வலர்களுக்கு அதிமதுரம் கொடுத்து இதைக் காட்டினார்கள். மறு ஆண்டு எட்வர்ட்ஸ் குழுவும் ஆஸ்திரேலியாவின் ஃபண்டர் குழுவும் ஏற்பியைக் காப்பது இந்த நொதியே என்பதை நிறுவின. பிறவியிலேயே இந்த நொதி குறைந்த குழந்தைகள் மிக அரிதாக உண்டு. அதிமதுரத்தை ஒருபோதும் சுவைத்திராத அவர்களுக்கும் இதே உயர் ரத்த அழுத்தமும் பொட்டாசியக் குறைவும் இருக்கின்றன. அடிசன் நோயாளிகளின் கதையும் இதனால் விளங்குகிறது: தடுத்து நிறுத்தக் கார்ட்டிசால் இல்லாத உடலில் காவலை நீக்கி என்ன பயன்?

மருத்துவமனைக்கு வரும் ஒரு நோயாளியில் இது எப்படித் தெரியும் என்று பார்க்கலாம். பொதுவாக வரக்கூடிய ஒருவரைக் கற்பனை செய்துகொண்டால், அவருக்கு வயது அறுபது. மலச்சிக்கலுக்காகவும் தொண்டைக்காகவும் ஒன்றிரண்டு மாதமாகத் தினமும் அதிமதுரப் பொடி சாப்பிட்டு வருகிறார். கால்கள் சோர்ந்து மாடிப்படி ஏற முடியவில்லை. இரவில் கெண்டைக்காலில் சதைப்பிடிப்பு. ரத்த அழுத்தம் 180/100. ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 2.6 மில்லிமோல், இயல்பு 3.5 முதல் 5 வரை. ஹைட்ரஜன் அயனியும் வெளியேறியதால் பைகார்பனேட் உயர்ந்திருக்கிறது. ரத்தத்தில் இவ்வளவு குறைந்தபின் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சிறுநீரில் அது தாராளமாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. ஆகவே பொட்டாசியம் போகும் இடம் வயிற்றுப்போக்கோ வாந்தியோ அல்ல, சிறுநீரகமே.

அடுத்த படியில்தான் நோய் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. ஆல்டோஸ்டிரோன் மிகுந்ததுபோன்ற அறிகுறிகள் எல்லாம் இருக்கின்றன. சோதித்தால் ஆல்டோஸ்டிரோன் மிகக் குறைவு. அதைத் தூண்டும் ரெனினும் அடங்கிக் கிடக்கிறது. உடலில் உப்பும் நீரும் நிறைந்திருப்பதால் சிறுநீரகமும் சுரப்பியும் தம் வேலையைத் தாமாகவே நிறுத்திவிட்டன. ரத்தத்தில் கார்ட்டிசாலை அளந்தால் இயல்பாகவே இருக்கும். அழிவது குறைந்தால் சுரப்பும் குறைந்து மூளை அதைச் சமன் செய்துவிடுகிறது. மாற்றம் சிறுநீரில் தெரியும்: கார்ட்டிசோனோடு ஒப்பிட்டால் கார்ட்டிசாலின் விகிதம் உயர்ந்திருக்கும். ஆனால் அத்தனை சோதனைகளைவிடவும் விரைவாகப் பதில் தருவது ஒரு கேள்வி: என்னென்ன பொடி, கஷாயம், மிட்டாய் சாப்பிடுகிறீர்கள்? இந்தக் கேள்வி கேட்கப்படாமல் போவதே பெரும்பாலும் தாமதத்துக்குக் காரணம். நோயாளிகள் நாட்டு மருந்தை மருந்தாக எண்ணிச் சொல்வதில்லை. அது பல கலவைகளிலும், மூலிகைத் தேநீர்களிலும், ஜப்பானிய மரபு மருந்துகளிலும் பெயர் தெரியாமல் கலந்திருக்கிறது.

கேட்காமல் சிகிச்சை தொடங்கினால் ஆபத்து கூடும். உயர் அழுத்தத்துக்குச் சாதாரணமாக எழுதப்படும் தையசைடு மாத்திரை சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தை மேலும் இறக்கும். அதன் விளைவு இதயத் துடிப்பில் தெரியும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 54 வயதுத் தொழிலாளி ஒருவர் நாளுக்கு ஒன்றிரண்டு பை மிட்டாய் தின்னும் வழக்கம் உள்ளவர். சில வாரங்களுக்கு முன் பழச்சுவை மிட்டாயிலிருந்து அதிமதுர மிட்டாய்க்கு மாறினார். ஓர் உணவகத்தில் திடீரென நினைவிழந்து விழுந்தார். பொட்டாசியம் மிகக் குறைந்திருந்தது. இதயத்தின் கீழறைகள் துடிக்காமல் நடுங்கின. மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்டும் மறுநாள் அவர் இறந்தார். 2020இல் இது மருத்துவ இதழில் வெளியானது.

எவ்வளவு சாப்பிட்டால் தீங்கு? நாளுக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினிக் அமிலத்துக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு 2003இல் அறிவுரை கூறியது. மருந்துத் தரத்தில் உள்ள வேரில் குறைந்தது நூற்றுக்கு 4 பங்கு அது இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய மருந்தியல் நூலின் விதி. இந்தக் கணக்கில் 3 கிராம் பொடியிலேயே 120 மில்லிகிராம் வந்துவிடும். வேருக்கு வேர் அளவு மாறுவதால் வீட்டில் கரண்டியால் அளந்து பாதுகாப்பைச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆளும் வேறுபாடு உண்டு. முதியவர்கள், ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ளவர்கள், நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எளிதில் பாதிக்கப்படுவார்கள். மலச்சிக்கல் உள்ளவர்களின் குடலில் அது அதிக நேரம் தங்குவதால் உடலில் சேரும் அளவும் கூடும். கறுப்பு நிற மிட்டாய் எல்லாமே குற்றவாளி அல்ல. பலவற்றில் சோம்பு எண்ணெயின் மணம் மட்டுமே இருக்கும். கிளைசிரைசினை நீக்கிய அதிமதுரச் சாறும் தனியே விற்கப்படுகிறது. அது நொதியை முடக்குவதில்லை.

சிகிச்சை, அதிமதுரத்தை நிறுத்துவதும் இழந்த பொட்டாசியத்தை ஈடுகட்டுவதும்தான். ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை ஏற்பியை அடைத்துக்கொள்வதால் கார்ட்டிசாலுக்கு அங்கே இடமிருக்காது; அமிலோரைடு சோடியம் நுழையும் வழியை அடைக்கும். நிறுத்திய மறுநாளே எல்லாம் சரியாகிவிடாது. கிளைசிரெட்டினிக் அமிலம் பித்தத்தோடு குடலுக்கு வந்து மீண்டும் உறிஞ்சப்படுவதால் வெளியேற நாளாகும். நொதி தேறவே ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். அடங்கிக் கிடந்த ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் எழ இன்னும் சில மாதம் ஆகலாம். அதற்கு முன் எடுக்கும் ரெனின் பரிசோதனை தவறான முடிவு தரும். சில மாதத்துக்குப் பின்னும் பொட்டாசியம் தாழ்ந்தே இருந்தால், அட்ரினல் சுரப்பியில் கட்டி போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும்.