பாலிசி எடுத்தவர் இறந்துவிட்டால்?

கணவர் தன் பெயரில் குடும்ப மருத்துவக் காப்பீடு எடுத்து, நடுவில் இறந்துவிடுகிறார். மனைவி, பிள்ளைகளுக்கான காப்பீடு பொதுவாக அந்த ஆண்டு முடியும்வரை தொடரும். சிக்கல் புதுப்பிக்கும்போதுதான். இறந்தவரின் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டிருந்தால் பிரீமியம் தானாகக் கழியாது. நினைவூட்டல் குறுஞ்செய்தியும் அவருடைய போனுக்கே போகும்.

ஆகவே இறப்புச் சான்றிதழ், தன் ஆதார், பான், வங்கி விவரங்களுடன் மனைவி நிறுவனத்துக்கு எழுதி, பாலிசிதாரராகத் தன் பெயரை மாற்றச் சொல்ல வேண்டும். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் கெடு தேதிக்கும் பணம் கட்டும் நாளுக்கும் இடையில் வரும் சிகிச்சைச் செலவுக்குக் காப்பீடு கிடைக்காது.

புதுப் பாலிசி எடுப்பதைவிடப் பழையதைத் தொடர்வதே லாபம். மனைவிக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய், காத்திருப்புக் காலம் 3 ஆண்டு, அதில் 2 முடிந்துவிட்டது என்றால், தொடர்ந்தால் மீதி 1 ஆண்டுதான். புதிதாக எடுத்தால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து.