குதிரை தோற்றால் நமக்குக் காசு

புக்மேக்கரிடம் பந்தயம் கட்டிப் பழகியவருக்கு ஒரு பக்கம்தான் தெரியும். ஒரு குதிரை ஜெயிக்கும் என்று பணம் கட்டுவார். ஜெயித்தால் புக்மேக்கர் கொடுப்பார். தோற்றால் பணம் அவருக்கு. ஆட்ஸைச் சொல்பவரும் அவரே, எதிர்ப்பக்கம் நிற்பவரும் அவரே. 2000-ஆம் ஆண்டு ஆண்ட்ரூ பிளாக், எட்வர்ட் ரே ஆகிய இருவர் லண்டனில் தொடங்கிய பெட்ஃபேர், அந்த எதிர்ப்பக்கத்தை வாடிக்கையாளர்களுக்கே விட்டுக்கொடுத்தது. இதுதான் பெட்டிங் எக்ஸ்சேஞ்ச். குதிரை ஜெயிக்கும் என்பவரையும் ஜெயிக்காது என்பவரையும் இது சேர்த்துவைக்கும். லாபம் பார்த்தவரிடம் கமிஷன் வாங்கிக்கொள்ளும்.

ஜெயிக்கும் என்று கட்டுவதற்கு ‘பேக்’ என்று பெயர். ஜெயிக்காது என்று கட்டுவது ‘லே’. லே பெட் கட்டுபவர் அந்தப் பந்தயத்துக்கு மட்டும் புக்மேக்கராகிவிடுகிறார்.

எட்டுக் குதிரைகள் ஓடுகின்றன. அதில் ஒன்றின் ஆட்ஸ் 6 என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்சேஞ்சில் இந்த எண்ணுக்குள் கட்டிய பணமும் அடக்கம். புக்மேக்கரின் பலகையில் ‘ஐந்துக்கு ஒன்று’ என்று இருப்பதுதான் இங்கே 6. நீங்கள் அந்தக் குதிரையை 20 பவுண்டுக்கு லே செய்கிறீர்கள். மற்ற ஏழில் எது ஜெயித்தாலும் உங்களுக்கு 20 பவுண்டு வரும். 5 சதவீதக் கமிஷன் போக 19 கையில் நிற்கும். அந்தக் குதிரையே ஜெயித்துவிட்டால் நீங்கள் 100 பவுண்டு கொடுக்க வேண்டும்.

புதிதாக வருபவர் தடுக்கி விழும் இடம் இதுதான். ‘20’ என்று தட்டியதால் அதிகபட்ச நஷ்டமும் இருபதுதான் என்று நினைத்துவிடுவார். அந்த 20 எதிராளி கட்டும் பணம். உங்கள் நஷ்டத்தைக் கண்டுபிடிக்க, ஆட்ஸிலிருந்து ஒன்றைக் கழித்து அந்தத் தொகையால் பெருக்க வேண்டும். இதை ‘லயபிலிட்டி’ என்பார்கள். பந்தயம் முடியும்வரை இந்தத் தொகையை உங்கள் கணக்கிலிருந்து எடுக்கவிடாமல் எக்ஸ்சேஞ்ச் நிறுத்திவைக்கும். அதே 20 பவுண்டை 1.5 ஆட்ஸில் லே செய்தால் லயபிலிட்டி 10 பவுண்டுதான். 50 ஆட்ஸில் செய்தால் 980.

எட்டில் ஒன்று தோற்கும் என்று சொல்வது சுலபம், அதனால் லே பெட்டில் லாபமும் சுலபம் என்று தோன்றலாம். கணக்கு அப்படி வராது. ஆட்ஸ் 6 என்பது, ஆறு முறை ஓடினால் ஒரு முறை ஜெயிக்கும் என்ற சந்தையின் மதிப்பீடு. அந்த மதிப்பீடு சரியாக இருந்தால் ஐந்து முறை தலா 19 வீதம் 95 பவுண்டு வரும். ஒரு முறை 100 போகும். மிஞ்சுவது 5 பவுண்டு நஷ்டம். சின்னச் சின்ன லாபங்கள் வரிசையாக வருவதால் அந்த நஷ்டம் வெகுநாள் கண்ணில் படாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. புக்மேக்கர் ஏற்றுக்கொண்டால் பந்தயம் முடிவாகிவிடும். எக்ஸ்சேஞ்சில் நீங்கள் கேட்கும் ஆட்ஸுக்கு எதிராளி ஒருவர் வரவேண்டும். திரையில் நீலக் கட்டங்கள் பேக் செய்ய, இளஞ்சிவப்புக் கட்டங்கள் லே செய்ய. ஒவ்வோர் ஆட்ஸுக்கும் கீழே, அந்த ஆட்ஸில் எவ்வளவு பணம் காத்திருக்கிறது என்று தெரியும். 6 ஆட்ஸில் 8 பவுண்டுதான் இருந்தால் உங்கள் 20 பவுண்டில் எட்டு மட்டுமே பொருந்தும். மீதி 12, ஆள் வரும்வரை காத்திருக்கும். வராவிட்டால் அந்தப் பகுதிக்குப் பந்தயமே இல்லை. பெரிய போட்டிகளில் இந்தச் சிக்கல் குறைவு. கூட்டமில்லாத சிறு போட்டிகளில் நல்ல ஆட்ஸ் திரையில் தெரிந்தாலும் பணம் இருக்காது.

லயபிலிட்டியை நிறுத்திவைப்பது ஏன் முக்கியம் என்பதை 2011 டிசம்பர் 28 காட்டியது. அயர்லாந்தின் லெப்பர்ட்ஸ்டவுனில் வோலே லா வெடெட் என்ற குதிரை ஜெயிக்கப்போவது கண்ணுக்குத் தெரிந்த பிறகும், பெட்ஃபேர் திரையில் அதற்கு ‘28-க்கு ஒன்று’ என்ற ஆட்ஸில் ஏறக்குறைய 2.1 கோடி பவுண்டு லே காத்திருந்தது. முழுதும் பொருந்தியிருந்தால் லயபிலிட்டி 58 கோடி பவுண்டைத் தாண்டியிருக்கும். அந்தப் பந்தயத்தை வைத்தது ஒரு வாடிக்கையாளரின் தானியங்கி நிரல். அவர் கணக்கில் ஆயிரம் பவுண்டுகூட இல்லை என்றும், தொழில்நுட்பக் கோளாறால் வரம்புச் சோதனை தவறிவிட்டது என்றும் நிறுவனம் விளக்கியது. ஓட்டத்தின் நடுவே கட்டிய பந்தயங்கள் எல்லாம் ரத்தாயின; ஜெயித்ததாக நினைத்தவர்கள் கொதித்தார்கள்.

லே பெட் வந்ததால் ஓட்டப்பந்தய நிர்வாகிகளுக்கும் புதுத் தலைவலி வந்தது. ஒரு குதிரையை ஜெயிக்கவைப்பது யார் கையிலும் இல்லை. தோற்கவைக்க உள்ளாள் ஒருவரே போதும். அதனால் பிரிட்டனில் உரிமையாளரும் பயிற்சியாளரும் தங்கள் குதிரையை லே செய்யக்கூடாது என்று விதி இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு பந்தயமும் கணக்கு வைத்திருப்பவரின் பெயரில் பதிவாவதால், சந்தேகம் எழுந்தால் யார் லே செய்தார் என்று தேடிப் பார்க்கவும் முடிகிறது.