கட்டமே இல்லாத பக்கத்தை எப்படிப் படிப்பது?

ரெண்டு கட்டம் வரைஞ்சுக்குவோம். முதல் கட்டத்தில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு. நல்ல வெயில். ஜன்னல் சீட்டுக்காக ஒரு பையன் பஸ் பின்னாடி ஓடுறான். ரெண்டாவது கட்டத்தில் விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டு. அதே பையன் இறங்குறான், சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு. நடுவில் மழையை யாருமே வரையலை. ஆனா படிக்கிற உங்களுக்கு விக்கிரவாண்டி பக்கம் எங்கேயோ மழை பெஞ்சிருக்கு, ஜன்னல் ஷட்டர் மாட்டிக்கிட்டு இறங்கலை, பையன் நனைஞ்சுட்டான். இத்தனையும் ரெண்டு கட்டத்துக்கு நடுவில் இருக்கிற அந்த வெள்ளைக் கோட்டில் நடந்திருக்கு.

கட்டத்துக்குப் பேர் பேனல். நடுவில் இருக்கிற வெள்ளை இடத்துக்கு ஆங்கிலத்தில் கட்டர்னு பேர் (ஆமா, சாக்கடைக்கும் அதே வார்த்தைதான்). நான் இடைவெளின்னே சொல்றேன். ஸ்காட் மெக்லவுட் 1993-இல் காமிக்ஸ் பற்றி காமிக்ஸ் வடிவத்திலேயே ஒரு புத்தகம் போட்டார். காமிக்ஸின் உயிர் அந்த இடைவெளியில்தான் இருக்கு, அதை நிரப்புறது வாசகனின் வேலைன்னு அதில் விரிவா காட்டினார்.

இப்போ ரெண்டாவது கட்டத்தில் எழுத்தைச் சேர்ப்போம். "வழியில் மழை பெய்தது"ன்னு போட்டா வேஸ்ட், சட்டை ஏற்கெனவே அதைச் சொல்லிடுச்சு. அதுக்குப் பதிலா பையன் போனில், "அம்மா, இன்னும் திண்டிவனத்துலதான் இருக்கேன்"னு சொல்றதா வைங்க. கதையே மாறிடுச்சு. படம் ஒண்ணு சொல்லுது, எழுத்து இன்னொண்ணு சொல்லுது. ரெண்டும் மோதும்போது ஏன் பொய் சொல்றான்னு ஒரு கேள்வி பிறக்குது. அந்தக் கேள்வி படத்திலயும் இல்லை, எழுத்திலயும் இல்லை.

இந்த மூணையும் ஒரே பக்கத்தில் பார்க்கணும்னா மர்ஜான் சத்ரபியின் 'பெர்சபொலிஸ்' போதும். ஈரான் புரட்சிக் காலத்துச் சிறுமியின் கதை, தமிழிலும் வந்திருக்கு. ஆரம்பத்தில் முதல் கட்டத்தில் பத்து வயசு மார்ஜி முக்காடு போட்டு தனியா உட்கார்ந்திருக்கா. வருஷம் 1980. அடுத்த கட்டம் வகுப்பு போட்டோ, வரிசையா அவ தோழிகள். மார்ஜி இடது ஓரத்தில் இருக்கிறதாகவும் அதனால் தெரியலைன்னும் எழுத்து சொல்லுது. அவ முகத்தைக் கட்டத்தின் கோடு வெட்டிடுச்சு. எல்லாருக்கும் ஒரே முக்காடு மாட்டி ஒரே மாதிரி ஆக்கின காலம் அது. அதில் இவ மட்டும் கூட்டத்தில் சேராம தனிக் கட்டத்தில் நிக்கிறா. நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு சுவர். பின்னாடி கதை முழுக்க வரப்போற பிரிவை முதல் ரெண்டு கட்டமே வரைஞ்சு காட்டிடுது.

சரி, கட்டமே இல்லைன்னா?

2011-இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணம்' அப்படிப்பட்ட புத்தகம். (நவயானாவை 2003-இல் எஸ். ஆனந்தோடு சேர்ந்து தொடங்கியவர் எழுத்தாளர் ரவிக்குமார், நம்ம விழுப்புரம் தொகுதி எம்.பி.) அம்பேத்கர் தன் வாழ்க்கையில் பட்ட தீண்டாமை அனுபவங்கள்தான் கதை. எழுதினது ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும். வரைஞ்சது துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம்ங்கிற பர்தான் கோண்ட் ஓவியர்கள். மனுஷங்களைப் பெட்டிக்குள்ள அடைக்க மாட்டோம், அவங்களுக்கு மூச்சு முட்டும்னு ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. கட்டத்துக்குப் பதிலா பக்கத்தில் வளைஞ்சு போறது திக்னா. நம்ம வாசல் கோலம் மாதிரி, கோண்ட் வீடுகளின் சுவரிலும் தரையிலும் போடுற அலங்காரக் கோடு அது. பக்கத்தைப் பிரிக்குது, ஆனா பூட்டாது. ஒரு பக்கத்தின் காட்சி அடுத்ததுக்குள் வழிஞ்சு போகும்.

முதல் தடவை படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கே ஆரம்பிக்கிறது, அடுத்து கண்ணு எங்கே போகணும்னு தெரியலை. இடைவெளி இல்லாததால் நேரம் ஓடினதும் தெரியலை. இது இந்த முறையின் உண்மையான குறை. வேகமா நடக்கிற சம்பவம் இங்கே வேகமா தெரியாது.

ஒரு சம்பவத்தை எடுத்துப் பார்ப்போம். 1901-இல் சிறுவன் பீம், அப்பாவைப் பார்க்க கோரேகாவுக்குக் கிளம்பி மசூர் ஸ்டேஷனில் இறங்குறான். கூட இருக்கிறவங்களும் சின்னப் பசங்கதான். நல்லா டிரஸ் பண்ணியிருக்கிறதால் ஸ்டேஷன் மாஸ்டர் பிராமணக் குழந்தைகள்னு நினைக்கிறார். யாருப்பா நீங்கன்னு கேட்கிறார். மஹார்னு பீம் சொன்னதும் அவர் முகம் மாறிடுது. அம்பேத்கரே எழுதி வெச்ச சம்பவம் இது. வழக்கமான காமிக்ஸ்னா முதல் கட்டத்தில் சிரிச்ச முகம், இடைவெளி, அடுத்த கட்டத்தில் சுருங்கின முகம்னு வரைவாங்க. சாதி வேலை செய்றது அந்த இடைவெளியில்னு வாசகன் புரிஞ்சுக்குவான்.

வியாம் தம்பதிக்கு அந்த வழி கிடையாது. இடைவெளி இல்லை, அதோட அவங்க வரையுற முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில், ஒரே பெரிய கண்ணோட இருக்கும். அதில் உணர்ச்சி அதிகம் மாறாது. அப்போ கோபத்தையும் அருவருப்பையும் எங்கே காட்டுறது? பேச்சுக் குமிழில். மென்மையா பேசுறவங்க, அடிபட்டவங்க பேச்சு பறவை வடிவக் குமிழில் வருது. சாதி விஷம் கக்குற பேச்சின் குமிழுக்குத் தேள் கொடுக்கு வால். மனசுக்குள்ள நினைக்கிறதுக்கு ஒரு கண் வரைஞ்ச குமிழ், மனக்கண். இதனால் மரியாதையான வார்த்தையில் ஒருத்தர் பேசினாலும் வாலைப் பார்த்தா தெரிஞ்சிடும். நம்ம பையன் போனில் பொய் சொன்ன மாதிரியேதான், எழுத்தும் படமும் இங்கே ஒரே குமிழுக்குள் மோதுது.

தண்ணியும் அப்படித்தான். எழுத்து தாகத்தைச் சொல்லும்போது படத்தில் பீமின் உடம்பு மீனாகுது. மீனைப் பற்றி எழுத்தில் பேச்சே இல்லை. பிறகு 1927 மஹாத் போராட்டம் வருது. சவுதார் குளத்துத் தண்ணியை எடுத்துக்கச் சொல்லி அம்பேத்கர் பேசும்போது ஒலிபெருக்கியிலிருந்து கூட்டத்து மேல தண்ணி தெளிக்குது. முன்னாடி பார்த்த மீன் ஞாபகம் இருந்தா இந்தத் தண்ணி யாருக்குன்னு புரியும். ரெண்டு காட்சிக்கும் நடுவில் 26 வருஷம். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் செய்ற வேலையை இங்கே பல பக்கம் தள்ளி இருக்கிற ரெண்டு படங்கள் செய்யுது. இடைவெளி ஒழிஞ்சுபோகலை, நீளமாயிடுச்சு.

இப்படிப் படிக்கும்போது நான் பண்ணின ஒரு தப்பையும் சொல்லிடறேன். தீண்டாமைன்னா எல்லைக்கோடு, அதனாலதான் ஓவியர்கள் கோடு போடலைன்னு முதலில் குறிச்சு வெச்சேன். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா திக்னா இந்தப் புத்தகத்துக்காகக் கண்டுபிடிச்சது இல்லை. வேற எந்தக் கதையை வரைஞ்சிருந்தாலும் அவங்க இப்படித்தான் வரைஞ்சிருப்பாங்க, அவங்க மரபு அது. அதனால 'இதை நினைச்சு வரைஞ்சாங்க'ன்னு சொல்ல முடியாது. 'இந்தக் கதையில் இது இப்படி வேலை செய்யுது'ன்னு சொல்லலாம், அதுவும் பக்கத்தைக் காட்டிச் சொல்லணும். நான் கண்டுபிடிச்ச ஒரு சின்ன டெஸ்ட்: எழுத்தைக் கையால மறைச்சிட்டு படத்தை மட்டும் பாருங்க, அப்புறம் படத்தை மறைச்சிட்டு எழுத்தை மட்டும் படிங்க. ரெண்டு தடவையும் ஒரே விஷயம் கிடைச்சா அந்தப் பக்கத்தில் எழுத ஒண்ணும் இல்லை, திருப்பிடலாம். மீன் வர்ற பக்கத்தில் எழுத்தை மறைச்சா தாகம் காணாமப் போகுது. படத்தை மறைச்சா மீன் காணாமப் போகுது. நான் அந்தப் பக்கத்திலிருந்துதான் திரும்ப எழுத ஆரம்பிச்சேன்.