அவசரக் கோப்பின் முதல் தாள்

கணவர் நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தால், அவர் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து மனைவி பணம் எடுக்க முடியாது. நாமினியாக இருந்தாலும் பயனில்லை. அந்த உரிமை கணக்குதாரர் இறந்த பிறகே வரும். பலர் தவறாக நினைப்பது இதைத்தான். எனவே கோப்பின் முதல் தாளில், இருவரில் யாரும் தனியாக இயக்கக்கூடிய கூட்டுக் கணக்கின் எண்ணும் கிளையும் இருக்க வேண்டும். சில மாதச் செலவுக்கான பணம் அதிலேயே இருப்பது நல்லது. அதற்குக் கீழே மருத்துவக் காப்பீட்டு அட்டையின் நகல்.

அடுத்த தாள் ஆயுள் காப்பீட்டுக்கு. பாஸ்புக்கில் ஆண்டுதோறும் 436 ரூபாய் பிடித்தம் இருந்தால், அது பெரும்பாலும் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுப் பிரீமியம். இறந்தால் நாமினிக்கு 2 லட்சம் ரூபாய். தனிப் பாலிசிப் பத்திரம் வீட்டில் இல்லாததால், எழுதி வைக்காவிட்டால் மனைவிக்குத் தெரியாமலே போகலாம். ஏடிஎம் ரகசிய எண்ணை மட்டும் இக்கோப்பில் எழுதக் கூடாது.