இசைத் தொடருக்கு எல்லை இல்லை: பரப்பளவு தரும் நிரூபணம்

1, 1/2, 1/3, 1/4 என்று இயல் எண்களின் தலைகீழிகளை வரிசையாக எழுதி, இடையில் கூட்டல் குறிகளைப் போட்டால் கிடைப்பது இசைத் தொடர். இதில் ஒவ்வோர் உறுப்பும் முந்தையதைவிடச் சிறியது. நூறாவது உறுப்பு 0.01, பத்து லட்சமாவது உறுப்பு 0.000001. இப்படித் தேய்ந்துகொண்டே போகும் எண்களைக் கூட்டிக்கொண்டே போனால், தொகை ஏதாவது ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடுமா, அல்லது எந்த எண்ணையும் ஒருநாள் தாண்டிவிடுமா?

கூட்டிப் பார்த்து இதற்கு விடை காண முடியாது. முதல் 10 உறுப்புகளின் தொகை சுமார் 2.93. முதல் 100 உறுப்புகளுக்கு 5.19, முதல் 1000 உறுப்புகளுக்கு 7.49, முதல் பத்து லட்சம் உறுப்புகளுக்கு 14.39. உறுப்புகளின் எண்ணிக்கை ஆயிரத்திலிருந்து பத்து லட்சமாகப் பெருகியும் தொகை ஏழு அளவுக்குத்தான் கூடியிருக்கிறது. இந்த எண்களைப் பார்ப்பவருக்கு, தொகை இருபதுக்குள்ளோ முப்பதுக்குள்ளோ நின்றுவிடும் என்றுதான் தோன்றும்.

அப்படி நின்றுவிடும் தொடர்களும் உண்டு. 1 + 1/2 + 1/4 + 1/8 என்று ஒவ்வோர் உறுப்பையும் பாதியாக்கிக்கொண்டே போனால், எத்தனை உறுப்புகளைக் கூட்டினாலும் தொகை 2-ஐத் தொடுவதில்லை. இத்தகைய தொடரை ஒருங்கும் தொடர் என்றும், எல்லையின்றி வளர்வதை விரியும் தொடர் என்றும் கணிதத்தில் சொல்வார்கள். இசைத் தொடர் இவற்றில் எந்த வகை என்று தீர்மானிக்க, கூட்டலை ஒரு பரப்பளவோடு ஒப்பிடும் முறை ஒன்று உதவுகிறது. ஸ்காட்லாந்துக் கணிதர் கோலின் மெக்லாரின் 1742-இல் வெளியிட்ட நுண்கணித நூலில் இம்முறை இடம்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் கோஷி இதைச் செம்மைப்படுத்தினார். இன்று இது தொகையீட்டுச் சோதனை என்ற பெயரில் கல்லூரிப் பாடங்களில் கற்பிக்கப்படுகிறது.

செவ்வகங்களும் வளைவரையும்

ஒரு கிடைக்கோட்டில் 1, 2, 3, 4 என்று ஓர் அலகு இடைவெளியில் புள்ளிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1-லிருந்து 2 வரையுள்ள இடைவெளியின் மேல் 1 அலகு உயரமுள்ள செவ்வகம், 2-லிருந்து 3 வரை 1/2 உயரமுள்ள செவ்வகம், 3-லிருந்து 4 வரை 1/3 உயரமுள்ள செவ்வகம் என்று வரைந்துகொண்டே போகலாம். எல்லாச் செவ்வகங்களுக்கும் அகலம் 1. ஆகவே ஒவ்வொன்றின் பரப்பளவும் அதன் உயரமேதான்: 1, 1/2, 1/3, 1/4. இசைத் தொடரின் முதல் n உறுப்புகளின் தொகை இப்போது n செவ்வகங்களின் மொத்தப் பரப்பளவாகிவிட்டது.

அதே படத்தில் y = 1/x என்ற வளைவரையை வரைய வேண்டும். x = 1 என்ற இடத்தில் அதன் உயரம் 1; x = 2-இல் 1/2; x = 3-இல் 1/3. அதாவது ஒவ்வொரு செவ்வகத்தின் இடது மேல்முனையையும் வளைவரை தொட்டுச் செல்கிறது. தொட்ட இடத்திலிருந்து வலப்புறம் நகர நகர அது இறங்குகிறது. செவ்வகத்தின் மேல்விளிம்போ இறங்காமல் மட்டமாக இருக்கிறது. எனவே அந்த அகலம் முழுவதும் வளைவரை செவ்வகத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு தெளிவானது. 1-லிருந்து n + 1 வரை வளைவரைக்குக் கீழே உள்ள பரப்பளவைவிடச் செவ்வகங்களின் மொத்தப் பரப்பளவு பெரியது. ஆகவே வளைவரையின் கீழுள்ள பரப்பளவு எல்லையின்றி வளர்கிறது என்று காட்டிவிட்டால் போதும். அதைவிடப் பெரிதான கூட்டல்தொகை எந்த எல்லைக்குள்ளும் நிற்க வழியில்லை.

பரப்பளவு ஏன் நிற்பதில்லை

வளைவரையின் கீழே 1-லிருந்து 2 வரை உள்ள பட்டையை எடுத்துக்கொள்ளலாம். அதன் அகலத்தை இரட்டிப்பாக்கி, உயரத்தைப் பாதியாக்கினால் பரப்பளவு மாறாது. இப்படிச் செய்யும்போது வளைவரையில் (x, 1/x) என்ற புள்ளி (2x, 1/2x) என்ற இடத்துக்குப் போகிறது. 2x என்ற எண்ணின் தலைகீழி 1/2x தான் என்பதால், புதிய புள்ளியும் அதே வளைவரையில்தான் இருக்கிறது. அதாவது 1-லிருந்து 2 வரை இருந்த பட்டை, இழுத்துத் தட்டையாக்கியதும், 2-லிருந்து 4 வரை உள்ள பட்டையின் மேல் அச்சாகப் பொருந்திவிடுகிறது. இரண்டுக்கும் பரப்பளவு ஒன்றே. அதே போல 4-லிருந்து 8 வரை, 8-லிருந்து 16 வரை என்று எல்லாப் பட்டைகளுக்கும் அதே பரப்பளவுதான்.

அந்தப் பொதுவான அளவு சுமார் 0.693. இந்த எண் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. முதல் பட்டையின் அகலம் 1. அதன் உயரம் எங்கும் 1/2-க்குக் குறைவதில்லை. ஆகவே பரப்பளவு 1/2-க்கு மேல் என்று உறுதியாகச் சொல்லலாம். 1-லிருந்து 1024 வரை இப்படிப் பத்துப் பட்டைகள் இருக்கின்றன. மொத்தப் பரப்பளவு சுமார் 6.93. இன்னும் பத்துப் பட்டைகளைச் சேர்த்தால் 13.86. பட்டைகள் தீர்ந்துபோவதில்லை, ஒவ்வொன்றும் தரும் பரப்பளவும் குறைவதில்லை. ஆகவே மொத்தப் பரப்பளவு எந்த எண்ணையும் தாண்டும். அதோடு இசைத் தொடரின் தொகையும் தாண்டும். நிரூபணம் இவ்வளவுதான்.

இந்த வளைவரை அதிபரவளையம் என்ற வகையைச் சேர்ந்தது. அதன் கீழ் அமையும் பட்டைகளின் இந்தச் சமத்தன்மையை பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த செயின்ட் வின்சென்ட் 1647-இல் வெளியிட்டார். அந்தப் பரப்பளவு மடக்கையைப் போல நடந்துகொள்கிறது என்பதை அவருடைய மாணவர் சராசா 1649-இல் எடுத்துக்காட்டினார். 1-லிருந்து n வரையுள்ள பரப்பளவே இன்று n-இன் இயல் மடக்கை எனப்படுகிறது. Ln n என்று எழுதுகிறார்கள். முதல் n உறுப்புகளின் தொகையை H என்று குறித்தால், மேலே கண்ட முடிவை H > ln (n + 1) என்று எழுதலாம்.

மேலிருந்தும் ஒரு வேலி

இசைத் தொடர் விரியும் என்பதை நிக்கோல் ஓரேம் என்ற பிரெஞ்சு அறிஞர் 1350-ஐ ஒட்டியே, உறுப்புகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து நிரூபித்துவிட்டார். பரப்பளவு முறை அதற்கு மேலும் ஒன்றைத் தருகிறது: வளர்ச்சியின் வேகத்தை இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிறது.

இதற்குச் செவ்வகங்களை ஓர் அலகு இடப்புறம் தள்ள வேண்டும். 1/2 உயரமுள்ள செவ்வகம் இப்போது 1-க்கும் 2-க்கும் இடையில் அமைகிறது. வளைவரை அதன் வலது மேல்முனையைத் தொடுவதால், செவ்வகம் முழுவதும் வளைவரைக்குக் கீழே வந்துவிடுகிறது. ஆகவே 1/2-லிருந்து 1/n வரையுள்ள உறுப்புகளின் தொகை ln n-ஐவிடச் சிறியது. விட்டுப்போன முதல் உறுப்பான 1-ஐச் சேர்த்தால், H < 1 + ln n.

முதல் நான்கு உறுப்புகளை வைத்துச் சரிபார்க்கலாம். 1 + 0.5 + 0.3333 + 0.25 = 2.0833. கீழ்வேலி ln 5, அதாவது 1.609. மேல்வேலி 1 + ln 4, அதாவது 2.386. தொகை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பத்து லட்சம் உறுப்புகளுக்கு வேலிகள் 13.82, 14.82, உண்மைத் தொகை 14.39. எண்ணிக்கை எவ்வளவு பெருகினாலும் இரண்டு வேலிகளுக்கும் இடைவெளி 1-க்குள்தான் இருக்கும். n பெருகும்போது தொகைக்கும் ln n-க்கும் உள்ள வித்தியாசம் 0.5772 என்ற எண்ணை நெருங்குகிறது. ஆய்லர் மாறிலி எனப்படும் இந்த எண் விகிதமுறு எண்ணா இல்லையா என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

தொகை 100-ஐத் தாண்ட எத்தனை உறுப்புகள் வேண்டும் என்பதையும் இந்த வேலிகளே சொல்லிவிடுகின்றன. மேல்வேலியின்படி 9.8 × 10⁴² உறுப்புகள் போதாது, கீழ்வேலியின்படி 2.7 × 10⁴³ உறுப்புகள் போதும். வினாடிக்கு நூறு கோடி உறுப்புகளைக் கூட்டும் கணினி, குறைந்தபட்ச எண்ணிக்கையை முடிக்கவே சுமார் 3 × 10²⁶ ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயது 1.4 × 10¹⁰ ஆண்டுகளுக்கும் குறைவு. எந்த இயந்திரத்தாலும் கூட்டிக் காட்ட முடியாத ஒன்றை, ஒரு படம் ஐயமின்றி நிறுவிவிடுகிறது.

தவறு நேரும் இடங்கள்

கணினியில் கூட்டிப் பார்ப்பவரை இத்தொடர் ஏமாற்றவும் செய்யும். 32 பிட் தசம எண்களைக் கொண்டு 1-லிருந்து வரிசையாகக் கூட்டினால், சுமார் 21 லட்சம் உறுப்புகளுக்குப் பிறகு தொகை 15.4-இல் நின்றுவிடும். புதிய உறுப்புகள் அவ்வளவு சிறியவை என்பதால், கணினி முழுமையாக்கும்போது அவை தொலைந்துபோகின்றன. தவறை வேலியே காட்டிக்கொடுக்கிறது: 10 கோடி உறுப்புகளின் தொகை ln தரும் 18.42-க்குக் குறையக் கூடாது. திரையில் அப்போதும் 15.4 என்றே இருந்தால் பிழை கணினியின் கூட்டலில்தான்.

மாணவர்கள் வழுக்கும் இடம் வேறு. தொடர் விரியும் என்று காட்டச் செவ்வகங்கள் வளைவரைக்கு மேலே இருக்க வேண்டும். கீழே உள்ள செவ்வகங்களை வரைந்து, பரப்பளவு எல்லையற்றது, ஆகவே தொகையும் எல்லையற்றது என்று எழுதுவது தவறு. எல்லையற்ற ஒன்றைவிடச் சிறியது என்ற செய்தியிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வளைவரை இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் கட்டாயம். y = sin²(πx) என்ற வளைவரையின் உயரம் முழு எண்களில் எல்லாம் பூச்சியம்; அங்கே எடுத்த உறுப்புகளின் தொகையும் பூச்சியம். ஆனால் அது இடையிடையே ஏறி இறங்குவதால் பரப்பளவு எல்லையின்றி வளர்கிறது. இங்கே ஒப்பீடு செல்லாது.

நிபந்தனைகள் பொருந்தும் இடத்தில் இதே படம் ஒருங்கும் தொடர்களையும் இனம் காட்டும். 1/x² வளைவரையின் கீழ் 1-லிருந்து முடிவிலி வரை உள்ள பரப்பளவு சரியாக 1. ஆகவே 1 + 1/4 + 1/9 + 1/16 என்று நீளும் தொடரின் தொகை 2-ஐத் தாண்டாது. அடுக்கை 2-லிருந்து 1.001 வரை குறைத்தாலும் பரப்பளவு முடிவுள்ளதுதான்: 1000. அந்தத் தொடரின் மொத்தத் தொகை 1000-க்கும் 1001-க்கும் இடையில் நிற்கும். அடுக்கு சரியாக 1 ஆகும்போது, அதாவது இசைத் தொடரில், எந்த எல்லையும் இல்லை.