நாற்பது பக்க விதிகளை ஒரே பக்கத்தில் சுருக்குவது எப்படி?

ஒரு கற்பனைக் குடும்ப நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் 1998ல் பதிவான அந்தத் தனியார் நிறுவனத்துக்கு மூன்று இயக்குநர்கள்: அண்ணன், தங்கை, வெளியாள் ஒருவர். அண்ணனுக்குச் சொந்தமான கடைவீட்டை நிறுவனம் வாடகைக்கு எடுக்கலாமா என்று முடிவுசெய்ய ஒரு கூட்டம். வெளியாள் வரவில்லை. கூட்டம் செல்லுமா?

நிறுவனச் செயலாளர் அலுவலகத்தில் வேலைப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர்களிடம் இத்தகைய கேள்விகள் வரும். நாற்பது பக்கங்கள் கொண்ட நடைமுறை விதிகளிலிருந்து இயக்குநர் அதிகாரம், கூட்டத்துக்கான குறைந்தபட்ச எண்ணிக்கையான ‘கோரம்’, பங்கு மாற்றக் கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் ஒரு பக்கத்தில் தொகுத்துத் தரும் வேலை அது.

முதலில், கையிலிருப்பது நடப்பில் உள்ள விதிகள்தானா என்று பார்க்க வேண்டும். 2016 ஜனவரி 3ஆம் தேதிக்கு முன் பதிவான நிறுவனங்களின் அமைப்பு விதிகளும் நடைமுறை விதிகளும் சேர்ந்தே இன்று அவற்றின் ‘நிறுவன யாப்பு’ எனக் கருதப்படுகின்றன. விதியை மாற்ற 75 விழுக்காட்டு வாக்குகளுடன் சிறப்புத் தீர்மானம் தேவை. எனவே, அத்தகைய தீர்மானம் ஏதும் பின்னர் நிறைவேறியதா என்று கோப்பில் தேட வேண்டும். அடுத்து, தொடக்கப் பக்கத்தில் ‘டேபிள் ஏ’ பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது பழைய நிறுவனச் சட்டத்துடன் இணைந்திருந்த மாதிரி விதித்தொகுப்பு. அதை விலக்குவதாகச் சொல்லாத பழைய நிறுவனத்தில், எழுதப்படாத இடங்களை டேபிள் ஏ நிரப்பக்கூடும்.

இனி, கேள்விக்கு வருவோம். நம் நிறுவனத்தின் 94ஆம் விதி, இயக்குநர் கூட்டத்துக்கு இருவர் போதும் என்கிறது. அண்ணனும் தங்கையும் இருக்கிறார்கள். இதோடு நிறுத்துபவர், கூட்டம் செல்லும் என்று எழுதிவிடுவார். ஆனால் மூன்று விதிகள் தள்ளி, 97ஆம் விதி வேறொன்று சொல்கிறது: ஒரு விவகாரத்தில் சொந்த நலன் உள்ள இயக்குநர் அதில் வாக்களிக்கக்கூடாது, கோரக் கணக்கிலும் சேரமாட்டார். வாடகை பெறப்போவது அண்ணன். ஆக, அந்த முடிவுக்குக் கணக்கில் வருபவர் தங்கை மட்டுமே. கோரம் இல்லை. நாளை சகோதரர்களுக்குள் பிணக்கு வந்தால், அந்த வாடகை ஒப்பந்தமே கேள்விக்குள்ளாகலாம்.

அதனால், ‘கோரம்’ என்ற தலைப்பின் கீழ் உள்ளதை மட்டும் படிப்பது போதாது. அந்தச் சொல் வரும் ஒவ்வோர் இடத்தையும் தேடிப் படிக்க வேண்டும். உறுப்பினர் பொதுக்கூட்டத்தின் கோரம் தனி என்பதையும் மறக்கக்கூடாது.

பங்கு மாற்றத்திலும் இதே கவனம் தேவை. 31ஆம் விதி, எந்தப் பங்கு மாற்றத்தையும் பதிவுசெய்ய இயக்குநர்கள் மறுக்கலாம் என்கிறது. 32ஆம் விதிப்படி, விற்பவர் முதலில் மற்ற உறுப்பினர்களிடம் பங்கை முன்வைக்க வேண்டும்; அவர்களுக்கு 30 நாள் அவகாசம். 33ஆம் விதி, வாழ்க்கைத்துணைக்கோ பிள்ளைக்கோ மாற்றினால் ‘32ஆம் விதி பொருந்தாது’ என்கிறது. மகளுக்குத் தடையின்றி மாற்றலாம் என்று சுருக்கினால் தவறு. விலக்கு 32க்கு மட்டுமே. 31ஆம் விதிப்படி மறுக்கும் அதிகாரம் அப்படியே இருக்கிறது.

ஆங்கில மூலத்தில் உள்ள ‘மே’, ‘ஷால்’ ஆகிய சொற்களையும் கவனிக்க வேண்டும். முன்னது ‘செய்யலாம்’, பின்னது ‘செய்ய வேண்டும்’. சுருக்கும்போது இவை இடம் மாறினால், இயக்குநரின் விருப்பம் கட்டாயமாகிவிடும்.

இயக்குநர் அதிகாரத்தில் சட்டமே குறுக்கிடும் இடங்களும் உண்டு. நிர்வாகம் இயக்குநர்களுடையது என்று 82ஆம் விதி பொதுவாகச் சொன்னாலும், புதிய பங்குகளை வெளியிட பொதுக்கூட்டத்தின் முன்அனுமதி வேண்டும் என்கிறது நிறுவனச் சட்டத்தின் 161ஆம் பிரிவு. யாப்பில் எப்படி எழுதியிருந்தாலும் இது பொருந்தும்.

இவற்றைத் தொகுத்தால் கிடைப்பது இதுதான்:

அதிகாரம்: நிர்வாகம் இயக்குநர்களிடம் (விதி 82). புதிய பங்கு வெளியிட பொதுக்கூட்ட அனுமதி தேவை (சட்டப் பிரிவு 161).

இயக்குநர் கூட்டக் கோரம்: 2 பேர் (விதி 94). சொந்த நலன் உள்ளவர் கணக்கில் சேரார், வாக்களிக்கவும் முடியாது (விதி 97).

பொதுக்கூட்டக் கோரம்: நேரில் வந்த 2 உறுப்பினர்கள் (விதி 58).

பங்கு மாற்றம்: முதலில் மற்ற உறுப்பினர்களுக்கு, 30 நாள் (விதி 32). துணைக்கும் பிள்ளைக்கும் இதிலிருந்து மட்டும் விலக்கு (விதி 33). எல்லா மாற்றங்களையும் இயக்குநர்கள் மறுக்கலாம் (விதி 31).

ஒவ்வொரு வரியிலும் விதி எண் இருப்பதால், படிப்பவர் மூலத்தைத் திருப்பிச் சரிபார்க்கலாம். எந்தத் தேதி வரையிலான திருத்தங்கள் பார்க்கப்பட்டன என்பதையும் அடியில் குறித்துவிட வேண்டும். பங்குதாரர்களிடையே தனி ஒப்பந்தம் இருந்தால் அது இந்தச் சுருக்கத்தில் அடங்காது. அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.